பள்ளி வயதிலும் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு எட்டு வயது. வாரத்தில் ஐந்தாறு நாள் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. இது நோயா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நோய் அல்ல. தூக்கத்தில் சிறுநீரை அடக்கும் திறன் சில பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாகவே கைகூடுகிறது. ஐந்து வயது நிறையும்வரை மருத்துவர்கள் இதை ஒரு குறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேரும், ஏழு வயதில் 5 முதல் 10 பேரும், பத்து வயதில் சுமார் 5 பேரும் இரவில் நனைக்கிறார்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். எந்த மூன்றாம் வகுப்பிலும் உங்கள் மகனைப் போல இன்னும் ஓரிருவர் இருப்பார்கள். வெளியே யாரும் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் "நம் பிள்ளைக்கு மட்டும்" என்ற எண்ணம் தங்கிவிடுகிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து எப்போதாவது தொடர்ந்து ஆறு மாதம் நனைக்காமல் இருந்திருக்கிறானா? பகலில் அவசரமாக ஓடுவது, ஜட்டியில் கொஞ்சம் கசிந்துவிடுவது, காலைப் பின்னிக்கொண்டு அடக்குவது போன்றவை உண்டா? நீண்ட காலம் உலர்வாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கியிருந்தாலோ, பகலிலும் தொந்தரவு இருந்தாலோ, அணுகும் முறை மாறும்.

ஏன் இப்படி நடக்கிறது? எழுந்து போகச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சோம்பேறித்தனம் என்றால் விழித்திருந்தும் எழாமல் கிடக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் விழிப்பதே இல்லை. இரவில் மூன்று காரியங்களில் ஒன்றோ இரண்டோ அவர்களுக்குச் சரியாக அமைவதில்லை.

முதலாவது, இரவில் சுரக்கும் சிறுநீரின் அளவு. நாம் தூங்கும்போது மூளையிலிருந்து வேஸோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகங்கள் உருவாக்கும் சிறுநீரைக் குறைத்துவிடும். சில பிள்ளைகளுக்கு இந்த இரவு நேரச் சுரப்பு போதுமான அளவுக்கு இன்னும் கூடியிருக்காது. பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, சிறுநீர்ப்பை. வயதுக்கு ஏற்ற அளவைப் பிடித்துவைக்காமல், பாதி நிரம்பியதுமே சுருங்கித் தள்ளிவிடும் பை சிலருக்கு உண்டு. மூன்றாவது, விழிப்பு. பை நிரம்பிவிட்டது என்ற செய்தி போய்ச் சேர்ந்தாலும் மூளை தூக்கத்திலிருந்து மேலே வருவதில்லை. "பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எழமாட்டான்" என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது காரணம் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. பை தாங்கும் அளவு சேர்ந்தால் பிள்ளை காலைவரை தூங்கும். முதலாவதோ இரண்டாவதோ அதனுடன் சேரும்போதுதான் படுக்கை நனைகிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு எது கூடுதல், எது குறைவு என்று கண்டறிவதே முதல் வேலை.

இவன் அப்பாவுக்கும் சின்ன வயதில் இப்படி இருந்ததாம். பரம்பரையாக வருமா?

ஆம், வலுவாகவே வரும். தாய், தந்தை இருவருக்கும் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு வர வாய்ப்புண்டு. ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் பத்தில் நான்கு பேருக்கு மேல். அப்பாவே மகனிடம் இதைச் சொல்வது நல்லது. "எனக்கும் ஒன்பது வயதுவரை இருந்தது" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு தலை நிமிர்ந்து பேசத் தொடங்கிய சிறுவர்கள் உண்டு.

பகலில் பள்ளியில் ஒரு தொந்தரவும் இல்லை, கழிப்பறைக்கே போவதில்லை. இரவில் மட்டும் ஏன்?

"கழிப்பறைக்கே போவதில்லை" என்று நீங்கள் சொன்னதில்தான் விடையில் பாதி இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வீட்டில் போய்விட்டு, மாலை நான்கரைக்கு வீடு திரும்பியதும் புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை, ஒன்பதரை மணி நேரம் அடக்கியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் எளியது: பள்ளிக் கழிப்பறையில் நாற்றம், தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, அல்லது வகுப்பு நடுவில் கேட்டால் ஆசிரியர் விடுவதில்லை. போக வேண்டியிருக்கக் கூடாது என்று பிள்ளையே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறது. காலையில் நிரப்பித் தந்த தண்ணீர் பாட்டிலை மாலையில் தூக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்படி அடக்கிய தாகம் மாலையில் வெளியே வருகிறது. வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் டீ, டியூஷன் முடிந்து வந்து மறுபடி தண்ணீர், ஒன்பது மணிக்கு ரசம் ஊற்றிய சாப்பாடு, படுக்கும்போது பால். நாள் முழுவதற்குமான நீரில் பெரும்பகுதி மாலை ஐந்துக்கும் இரவு ஒன்பதரைக்கும் நடுவே உள்ளே போகிறது. அது வெளியேறும் நேரம் இரவு. இரவு நேரப் பிரச்சினையாக மட்டுமே நாம் பார்க்கும் ஒன்று, பல வீடுகளில் பகல் நேர வழக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதால், சிகிச்சையும் பகலிலிருந்தே தொடங்க வேண்டும்.

வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். கையெழுத்திட்ட ஒரு சிறு கடிதம் இன்னும் நல்லது. காலை இடைவேளையிலும் மதிய உணவு வேளையிலும் இவன் கட்டாயம் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும், நடுவில் கேட்டாலும் அனுமதிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும். இரவில் நனைப்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

டாக்டர் மலச்சிக்கலைப் பற்றியே கேட்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இடுப்பெலும்புக்குள் முன்னும் பின்னுமாக ஒட்டி இருக்கின்றன. மலம் தேங்கிக் குடல் பெருத்தால், முன்னால் இருக்கும் பை விரிவதற்கு இடம் குறைகிறது. அழுத்தத்தால் வேளை தவறிச் சுருங்கவும் செய்கிறது. பள்ளியில் சிறுநீரை அடக்கும் பிள்ளை மலத்தையும் அடக்குகிறது என்பதால் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம்.

"தினமும் போகிறான்" என்ற பதிலை மட்டும் நம்ப முடியாது. எட்டு வயதுப் பிள்ளையுடன் யாரும் கழிப்பறைக்குள் போவதில்லை. தினமும் ஆட்டுப் புழுக்கை போலக் கொஞ்சமாகப் போவது, மூன்று நாளுக்கு ஒருமுறை மிகப் பெரிதாகப் போவது, போகும்போது வலிப்பது, ஜட்டியில் மலக்கறை படிவது ஆகிய எல்லாமே மலச்சிக்கலின் அடையாளங்கள்தான். இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு எந்தச் சிகிச்சைக்கும் முன்பு இதைச் சரிசெய்ய வேண்டும். வாழைப்பழமும் கீரையும் உதவும். ஆனால் ஏற்கெனவே தேங்கியதை வெளியேற்ற அவை போதாது. பாலிஎத்திலீன் கிளைகால் பொடியோ லாக்டுலோஸ் மருந்தோ மருத்துவர் சொல்லும் அளவில் சில மாதங்கள்வரை தேவைப்படலாம். பத்து நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தினால், விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கும் முன்பே மறுபடி அடைத்துக்கொள்ளும்.

எத்தனை முறை, எவ்வளவு என்று அளந்து எழுதி வரச் சொன்னார்கள். எப்படி எழுதுவது? எதற்காக?

மில்லி லிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையை வாங்கிக் கழிப்பறையில் வையுங்கள். பள்ளி விடுமுறையாக உள்ள இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளை ஒவ்வொரு முறை போகும்போதும் மணியையும் அளவையும் குறியுங்கள். குடித்ததையும் அதே தாளில் மறுபக்கம் குறியுங்கள். பள்ளி நாட்களில் அளக்க முடியாது. எத்தனை மணிக்குப் போனான், பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பது மட்டும் போதும். இரவுக்கு வேறு ஒரு வழி. ஏழு இரவுகள் டயப்பர் அணிவித்து, அணியும் முன்பும் காலையில் கழற்றிய பின்பும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். கூடிய ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொள்ளலாம். அதனுடன் காலையில் எழுந்ததும் முதலில் போகும் அளவைக் கூட்டினால் அந்த இரவு சுரந்த மொத்தச் சிறுநீர் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு டயப்பர் அணிவதை அளவெடுக்கும் வேலை என்று பிள்ளையிடம் விளக்கிச் சொல்லிவிட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாது.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் தாளை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதுடன் ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். எட்டும் ஒன்றும் ஒன்பது. ஒன்பது முப்பது 270 மில்லி. இந்தச் சிறுவன் விடுமுறை நாளில் எழுந்ததும் போனதைத் தவிர்த்து, ஒரே முறையில் அதிகபட்சமாகப் போனது 160 மில்லி. எதிர்பார்க்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்தால் பை சிறிய அளவிலேயே சுருங்குகிறது என்று பொருள். இவனுடையது பத்தில் ஆறு பங்குதான்.

அடுத்தது இரவுக் கணக்கு. எதிர்பார்க்கும் அளவைவிட 30 சதவீதம் கூடினால், அதாவது இவனுக்கு ஏறத்தாழ 350 மில்லியைத் தாண்டினால், இரவில் அதிகம் சுரக்கிறது என்று கொள்வார்கள். ஏழு இரவுகளில் ஐந்தில் இவனுடைய மொத்தம் 230 முதல் 270 வரைதான். இரண்டு இரவுகளில் மட்டும் 380, 390. அந்த இரண்டு நாளும் மாலையில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து இரவு எட்டரைக்குத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்திருக்கிறான் என்று தாளின் மறுபக்கம் சொல்கிறது. மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை. பள்ளி நாளில் காலை ஏழுக்குப் பிறகு மாலை நான்கரை. முக்கால் லிட்டர் பாட்டிலில் அரை லிட்டருக்கு மேல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

இந்தத் தாள் கையில் இல்லாவிட்டால், "ராத்திரி நனைக்கிறான்" என்ற ஒரு வரிக்கு ஒரு மாத்திரை எழுதித் தருவதுதான் எளிதாக இருந்திருக்கும். அந்த மாத்திரை சிறுநீர் சுரப்பைக் குறைப்பது. இவனுக்கோ பெரும்பாலான இரவுகளில் சுரப்பு இயல்பாகவே இருக்கிறது. இவனுடைய குறை, பை சிறிதாக வேலை செய்வதும் குடல் அடைத்திருப்பதும்தான்.

நடுராத்திரி தூக்கத்தோடே எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறேன். இது சரிதானா?

படுக்கை நனையாமல் இருக்க அன்றைய இரவுக்கு இது உதவும், பழக்கத்தை மாற்றாது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கொண்டுபோய் நிறுத்த, கண்ணைத் திறக்காமலே போய்விட்டு வந்து படுக்கிறது. பை நிரம்பியதால் அது விழிக்கவில்லை. நீங்கள் எழுப்பியதால் எழுந்தது. காலையில் கேட்டால் நினைவும் இருக்காது. உறவினர் வீட்டில் தங்கும் இரவில் செய்யலாம். ஆண்டுக்கணக்கில் சிகிச்சையாகச் செய்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலைக்கு மேல் தண்ணீரே கொடுக்காவிட்டால் நின்றுவிடாதா?

தாகத்தோடு படுக்கும் பிள்ளை பிறகு யாருக்கும் தெரியாமல் குடிக்கும். மேலும், குறைவாகவே குடித்துப் பழகிய சிறுநீர்ப்பை குறைந்த அளவுக்கே பழகிவிடுகிறது, மலச்சிக்கலும் கூடுகிறது. நீரின் மொத்த அளவைக் குறைக்காமல், குடிக்கும் நேரத்தை முன்னே தள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை வேண்டும். நம் ஊர் வெயிலில் ஓடியாடும் நாட்களில் இன்னும் கூடும். பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர், காலை இடைவேளை, மதியம், பள்ளி விட்டதும் என்று பிரித்துக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டால் இரவில் கேட்பது தானாகவே குறையும். இரவுப் பாலை மாலைக்கு மாற்றுங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, படுக்கும் முன் ஒரு முறையும் விளக்கை அணைக்கும் முன் மறுமுறையும் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். டீ, காபி, கோலா மூன்றையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்; இவை சிறுநீரைக் கூட்டும், பையையும் தூண்டும்.

திட்டினால், அடித்தால் இரண்டு நாளைக்கு நிற்கிறதே?

பயந்த பிள்ளை தூங்காமல் கிடப்பதால் இரண்டு நாள் நிற்கலாம். மூன்றாம் நாள் அயர்ந்து தூங்கும்போது நனைந்துவிடும். இப்போது பயமும் சேர்ந்திருக்கும். சிறுநீர் வெளியேறும் நேரத்தில் பிள்ளைக்கு நினைவே இல்லை. நினைவில்லாமல் நடந்ததைத் தண்டனையால் தடுக்க வழியில்லை.

நான் மிகுந்த வருத்தத்தோடு எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. தொடையில் சூடு வைத்த தழும்போடு மருத்துவரிடம் வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அது வைத்தியம் அல்ல, கொடுமை; சட்டப்படி குற்றமும்கூட. வீட்டில் யார் யோசனை சொன்னாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கையால் அடிக்காவிட்டாலும் வாயால் செய்யும் காயங்கள் உண்டு. நனைந்த பாயைத் தெருப் பக்கம் தொங்கவிடுவது, "உன் தங்கச்சியைப் பார்" என்று ஒப்பிடுவது, விருந்தாளிகள் முன் பேச்சை எடுப்பது, "கல்யாணமானாலும் இப்படித்தான் இருப்பாய்" என்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

அவ்வளவு கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்றும் இருக்கிறது: "இன்று நனைக்காவிட்டால் சைக்கிள்" என்று பரிசு வைப்பது. தன் வசத்தில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால், கிடைக்காத ஒவ்வொரு காலையும் ஒரு தோல்வியாகிறது. பாராட்ட வேண்டுமானால் அதன் கையில் இருப்பதைப் பாராட்டுங்கள்: பாட்டிலைக் காலி செய்தது, இடைவேளையில் கழிப்பறைக்குப் போனது, படுக்கும் முன் போய்வந்தது, நனைந்த விரிப்பைத் தானே கொண்டுபோய் வாளியில் போட்டது. கடைசியாகச் சொன்னதையும் தண்டனையாக இல்லாமல், வீட்டு வேலையில் ஒரு பங்காகச் செய்யவையுங்கள்.

மெத்தைக்கு ரப்பர் ஷீட், அதன்மேல் விரிப்பு, மறுபடி ஒரு ஷீட், மறுபடி ஒரு விரிப்பு என்று இரண்டடுக்காகப் போட்டுவைத்தால், நடுஇரவில் மேலடுக்கை மட்டும் உருவிவிட்டுத் தூக்கத்தைத் தொடரலாம். வீட்டில் எரிச்சல் குறைவதற்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

எள்ளுருண்டை கொடுத்தால் நிற்கும் என்கிறார்கள்.

எள்ளும் வெல்லமும் நல்ல தின்பண்டம், கொடுக்கலாம். ஆனால் சிகிச்சை என்று நம்பிக் காத்திருக்க ஆதாரம் இல்லை. இந்தப் பிள்ளைகளில் ஆண்டுக்கு நூறில் சுமார் 15 பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் கொடுக்காதீர்கள்.

தானாக நிற்கும் என்றால் சிகிச்சை எதற்கு? எந்த வயதில் தொடங்குவது?

தண்ணீர், கழிப்பறை, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சரிசெய்வதை ஐந்து வயதிலேயே தொடங்கலாம். அலாரம் அல்லது மருந்து என்ற கட்டத்தைப் பொதுவாக ஆறு, ஏழு வயதுக்குப் பிறகே யோசிப்பார்கள். வயதைவிட முக்கியம், இது பிள்ளையை வருத்துகிறதா என்பது. தாத்தா வீட்டுக்குப் போக மறுக்கிறதா, சித்தி பிள்ளைகள் வந்தால் ஒதுங்குகிறதா, தானே "இதை நிறுத்த வேண்டும்" என்று கேட்கிறதா? கேட்டால் தள்ளிப்போட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் நனைத்து அதைப் பற்றிக் கவலைப்படாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அவசரம் இல்லை. தினமும் நனைக்கும் பத்து வயதுப் பிள்ளையை "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விடுவது சரியல்ல. அடிக்கடி நனைப்பவர்களுக்கே தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு.

மேலே சொன்ன சிறுவனுக்கு முதல் ஆறு வாரம் மலமிளக்கிப் பொடி, பள்ளிக்குக் கடிதம், தண்ணீர் நேர மாற்றம் ஆகிய மூன்றும் மட்டும்தான். வாரத்தில் ஆறாக இருந்தது நான்காகக் குறைந்தது. ஒரே முறையில் போகும் அளவு 160-இலிருந்து 210 மில்லிக்கு உயர்ந்தது. அதன் பிறகுதான் அலாரம்.

அலாரம் என்றால் என்ன? அதை வைத்தும் இவன் எழவில்லை என்றால்?

ஈரம் பட்டதும் ஒலிக்கும் சிறு கருவி. உணரும் பகுதியை ஜட்டியில் பொருத்தி, ஒலிக்கும் பகுதியைத் தோள்பட்டையில் மாட்டுவார்கள். இது பிறந்த கதை சுவையானது: 1904-இல் ஆஸ்திரிய மருத்துவர் மெய்ன்ஹார்ட் ஃபவுண்ட்லர், படுக்கை நனைந்ததைச் செவிலியருக்கு அறிவிக்க ஒரு மணியை ஏற்பாடு செய்தார், நாள்பட நாள்பட அந்தப் பிள்ளைகள் நனைப்பதையே குறைத்துக்கொண்டார்கள். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் அதையே ஒரு சிகிச்சை முறையாக்கினார்கள்.

முதல் இரண்டு வாரம் பிள்ளை எழாது; வீட்டில் மற்ற எல்லோரும் எழுவார்கள். "எங்களுக்கு வேலை செய்யவில்லை" என்று பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பெற்றோர் ஒருவர் பக்கத்திலேயே படுத்து, ஒலித்த உடனே பிள்ளையை எழுப்ப வேண்டும். அலாரத்தை நீங்கள் அணைக்கக் கூடாது. பிள்ளையே அணைத்து, நடந்துபோய், மிச்சத்தைக் கழிப்பறையில் கழித்து, உடை மாற்றி, கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். உண்மையில் விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முந்தைய நாள் பேசிவைத்த ஒரு சொல்லைக் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் சொல்ல வராது.

பலன் தெரிகிறதா என்பதை உலர்ந்த இரவுகளை வைத்து மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அதற்கு முன்பே வரும் அடையாளங்கள் உண்டு. ஒலிக்கும் நேரம் பதினொன்றிலிருந்து மூன்றுக்குத் தள்ளிப்போகும், விரிப்பில் பாயளவு இருந்த ஈரம் உள்ளங்கையளவாகச் சுருங்கும், உங்கள் கை படும் முன்பே பிள்ளை அசையும். நான்கு வாரத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் பேசி மாற்று வழி பார்க்கலாம். தெரிந்தால் தொடர்ந்து 14 இரவுகள் உலர்வாக இருக்கும்வரை நிறுத்தாதீர்கள். இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகலாம். ஒழுங்காகப் பயன்படுத்தும் மூன்று பிள்ளைகளில் ஏறத்தாழ இருவருக்குப் பலன் கிடைக்கிறது. நிறுத்திய பிறகு சிலருக்குத் திரும்பி வரும். மறுபடி மாட்டினால் இரண்டாம் முறை பெரும்பாலும் விரைவிலேயே சரியாகும்.

நம் சிறுவனுக்கு ஐந்தாம் வாரத்தில் தானாக எழத் தொடங்கியது, பதினொன்றாம் வாரத்தில் 14 இரவுகள் நிறைந்தன. அவர்கள் ஒரே அறையில் நால்வர் படுக்கும் குடும்பம் என்பதால் பரீட்சை நாட்களைத் தவிர்த்து, கோடை விடுமுறையில் தொடங்கினார்கள்; தங்கை அந்த மாதங்கள் பாட்டியுடன் கூடத்தில் படுத்தாள்.

மாத்திரை இருக்கிறதாமே? அது பாதுகாப்பானதா?

டெஸ்மோபிரசின் என்பது முன்பு சொன்ன வேஸோபிரசின் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் அன்றிரவு சுரக்கும் சிறுநீர் குறையும். தாளில் இரவு அளவு அதிகமாகக் காணும் பிள்ளைகளுக்கு இது நன்றாக உதவும். அலாரத்தை வைத்து நடத்த முடியாத வீடுகளுக்கும், வெளியூர் போகும் நாட்களுக்கும் பயன்படும். கொடுக்கும்வரை பலன் உண்டு. சட்டென நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்தித் தேவை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆபத்து ஒன்றுதான், ஆனால் அது பெரிது. மருந்து நீரை உடலிலேயே தேக்கிவைக்கிறது. அதைக் கொடுத்த பிறகு பிள்ளை நிறையத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, வலிப்புவரை போகலாம். ஆகவே மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து அடுத்த எட்டு மணி நேரம்வரை தாகத்துக்கு ஓரிரு மடக்குக்கு மேல் தரக்கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். இதே மருந்தின் மூக்கில் அடிக்கும் வடிவத்தைப் படுக்கை நனைத்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரித்தது, நீங்களும் வாங்காதீர்கள்.

இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையும் உண்டு. அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், மற்றவை பலிக்காதபோது மட்டும் சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில் கொடுப்பார்கள். வீட்டில் அது இருந்தால், தம்பி தங்கைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டிவையுங்கள்.

என் மகள் இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். இப்போது ஒரு மாதமாக மறுபடி நனைக்கிறாள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரையும் கிருமித் தொற்றும் அதில் தெரிந்துவிடும். எப்போதும் தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது என்று இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் சில வீடுகளில் நனைந்த படுக்கையாகத்தான் முதலில் தலைகாட்டுகிறது. எரிச்சல், காய்ச்சல், நாற்றம் இருந்தால் தொற்று. பலமான குறட்டையும் வாய்வழி மூச்சும் இருந்தால் மூக்கின் பின்புறச் சதையும் டான்சிலும் பெருத்திருக்கலாம். அதைச் சரிசெய்ததும் நனைப்பதும் நின்ற பிள்ளைகள் உண்டு.

உடலில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டையும் பள்ளியையும் பாருங்கள். புதிதாகப் பிறந்த தம்பி, பள்ளி மாற்றம், பெற்றோரின் சண்டை, வகுப்பில் யாரோ மிரட்டுவது ஆகிய எதுவும் காரணமாகலாம். ஒருவரைக் கண்டு திடீரென்று அஞ்சுகிறாள், தனியாக விடவேண்டாம் என்று அழுகிறாள் என்றால், யாராவது தவறாகத் தொட்டார்களா என்று மென்மையாகக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள்.

பிறந்ததிலிருந்தே நனைக்கும் பிள்ளைகளிலும் சில அடையாளங்கள் உடனே காட்ட வேண்டியவை. கீழ்முதுகில் குழியோ மயிர்க் கொத்தோ இருப்பது, நடையில் மாற்றம், சிறுநீர் முக்கி முக்கி வருவது அல்லது சொட்டுச் சொட்டாகப் போவது, பெண் பிள்ளைக்குப் பகலும் இரவும் ஜட்டி எப்போதும் ஈரமாகவே இருப்பது ஆகியவை அவை. இவை எதுவும் இல்லாமல் இரவில் மட்டும் நனைக்கும் பிள்ளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை போதும். ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படாது.

அடுத்த மாதம் பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா. அனுப்பலாமா?

அனுப்புங்கள். மாத்திரையை அங்கேதான் முதன்முதலாகக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்து, எந்த அளவில் உலர்வாக இருக்கிறது என்று மருத்துவருடன் பார்த்துவிடுங்கள். துணைக்குச் செல்லும் ஓர் ஆசிரியருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதும். மாத்திரையையும் அன்றிரவு தண்ணீர் அளவையும் அவர் பார்த்துக்கொள்வார். பையில் ஒரு கருநிறப் போர்வை, இரண்டு செட் இரவு உடை, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை, காலையில் மற்றவர்களுக்கு முன்பே எழுப்பிவிட அந்த ஆசிரியரிடம் ஒரு சொல். நனைந்துவிட்டால் எதை எங்கே வைப்பது, யாரிடம் போவது என்பதைப் புறப்படும் முன் மாலையிலேயே பிள்ளையுடன் ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள்.